பணியேற்பிடைக் கால நீட்டிப்பு: எப்படிக் கேட்பது?

பணி நிரவலில் தென்காசி மாவட்டத்திலிருந்து ஓசூருக்கு மாற்றப்பட்டேன். குடும்பத்துடன் தங்க வீடு வேண்டும். பத்தாம் வகுப்பு மகளையும் மூன்றாம் வகுப்பு மகனையும் பள்ளியில் சேர்க்க வேண்டும். கூடுதல் நாள்கள் கேட்டு எழுதினேன். "வீடு கிடைக்கவில்லை, பிள்ளைகள் படிப்பு பாதிக்கிறது, போதிய அவகாசம் வழங்குக" என்ற அந்தக் கடிதம் திரும்பி வந்தது. "எத்தனை நாள்? எந்தத் தேதியில் பணியேற்பீர்கள்?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது மாறுதலின் தன்மை. பணி நிரவல் போன்ற நிர்வாக மாறுதலுக்கே பொதுவாகப் பணியேற்பிடைக் காலம் உண்டு. கலந்தாய்வில் நாமே விரும்பிப் பெற்ற மாறுதல் என்றால், தேவைப்படும் நாள்களை நம் கணக்கிலுள்ள விடுப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இரண்டாம் கடிதத்தைத் தேதிகளோடு எழுதினேன். பணிவிடுவிப்பு ஆணையின் எண், விடுவிக்கப்பட்டது பிற்பகல் என்ற குறிப்பு, பணியேற்பிடைக் காலம் முடியும் நாள், கூடுதலாக வேண்டிய ஐந்து வேலை நாள்கள், பணியேற்கும் தேதி ஆகியவற்றைக் குறித்தேன். பிறகு ஒவ்வொரு காரணத்துக்கும் உண்மையில் நாள்கள் தேவையா என்று பார்த்தேன்.

சிப்காட் தொழிற்சாலைகளுக்கு வருவோரும் வாடகைக்கு வீடு தேடும் ஊர் ஓசூர். முன்பணம் கொடுத்தும், முன்பு குடியிருந்தவர் காலி செய்யும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் தேதி உள்ள வாடகை ஒப்பந்த நகலை இணைத்தேன்.

மகனுக்காக நாள் கேட்க முடியாது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5-இன்படி, அரசுப் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியிலோ சேரும் குழந்தைக்கு மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும். அது தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவும் கூடாது. ஆகவே அந்தக் காரணத்தை நீக்கினேன். மகள் நிலை வேறு. அந்தச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. தெலுங்கு, கன்னட வழிப் பள்ளிகளும் உள்ள எல்லைப் பகுதியில் தமிழ்வழி உயர்நிலைப் பள்ளியைத் தேடி, பழைய பள்ளி எமிஸ் தளத்தில் அவளை விடுவித்த பிறகே சேர்க்க முடியும். இதற்கு இரண்டு நாள் என்று எழுதினேன்.

கடிதத்தை, காலம் முடியும் முன்பே உரிய வழியாக அனுப்பி ஒப்புகை பெற்றேன். ஆனால் ஒப்புகை அனுமதி ஆகாது. அடிப்படை விதி 108-இன்படி, பணியேற்பிடைக் காலம் முடிந்தும் சேராதவருக்கு அதன்பின் ஊதியமோ விடுப்பு ஊதியமோ இல்லை. வேண்டுமென்றே வராமலிருப்பது ஒழுங்கு நடவடிக்கைக்கும் இடம்தரும்.

கடைசி நாள் வரை ஆணை வரவில்லை. குடும்பத்தை ஊரிலேயே விட்டுவிட்டுத் தனியாக வந்து பணியேற்றேன். தலைமையாசிரியரிடம் விண்ணப்பித்து, ஒப்புதல் பெற்று, வீடு காலியான வாரத்தில் மூன்று நாள் ஈட்டிய விடுப்பு எடுத்துக் குடும்பத்தை அழைத்து வந்தேன். நீட்டிப்பு உரிமையன்று, கேட்கும்போதே, அது கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதையும் முடிவு செய்துவிட வேண்டும்.