விரல் மறைக்கும் இடத்தில் ஓர் அதிர்வு

போனில் கேரம் ஆடுபவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. ஸ்ட்ரைக்கரை நகர்த்தும் விரலே அதை மறைத்துவிடுகிறது. கோட்டின் முனையில் இருக்கும் சிவப்பு வட்டத்தை ஸ்ட்ரைக்கர் முழுதாக மூட வேண்டும், இல்லையென்றால் அதைத் தொடவே கூடாது என்பது விதி. பலகையில் இதைக் கண்ணால் பார்த்தே சரிசெய்துவிடலாம். திரையில் முடியாது. வட்டத்தின் மேல் சரியாகப் பொருந்திய கணத்தில் போன் மெல்ல ஒரு ‘டிக்’ கொடுத்தால், விரலை எடுக்காமலே தெரிந்துவிடும். தொடுதிரை விளையாட்டில் அதிர்வுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை என்பேன்.

இந்த ஒரு டிக்கைக் கொடுப்பதில்கூடத் தவறு நடக்கும். விளையாட்டு நிரல் திரையை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது. ‘ஸ்ட்ரைக்கர் வட்டத்தின் மேல் இருந்தால் அதிர்’ என்று எழுதிவிட்டால், விரல் அங்கே நிற்கும் வரை 60 முறையும் கட்டளை போகும். முந்தைய அதிர்வை நிறுத்திவிட்டு அடுத்தது தொடங்கும். டிக் என்பது உறுமலாகிவிடும். வட்டத்துக்குள் நுழையும் கணத்தில் மட்டும் அதிர வேண்டும். விரல் இயல்பாகவே சற்று நடுங்கும் என்பதால், விளிம்பில் உள்ளே வெளியே என்று மாறிக்கொண்டே இருக்கும். அதனால் நுழைவதற்கான எல்லையைவிட வெளியேறுவதற்கான எல்லையைக் கொஞ்சம் தள்ளி வைப்பார்கள்.

அடுத்தது, அடிக்கும் வேகம். விரலைப் பின்னால் இழுக்க இழுக்க விசை கூடுவதைக் காட்ட, இழுக்கும் நேரம் முழுக்க அதிரவிடுவது பலர் செய்வது. தோல் அதற்குச் சீக்கிரம் பழகி, உணர்வதையே குறைத்துக்கொள்ளும். இழுவையை ஐந்து படிகளாகப் பிரித்து, படிக்கு ஒரு டிக் கொடுத்தால் விரல் எண்ணிக்கொள்ளும். மூன்றாம் படியா நான்காம் படியா என்று கண்ணுக்கு முன்னே கைக்குத் தெரியும்.

இங்கேதான் பேட்டரிக் கணக்கும் வருகிறது. அதிர்வு மோட்டார் ஓடும்போது 80 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 200 முறை அடித்து, ஒவ்வொரு முறையும் மூன்று வினாடி அதிரவிட்டால் செலவு சுமார் 13 எம்ஏஎச். படிக்கு 20 மில்லி வினாடி வீதம் ஐந்து டிக் என்றால், அரை எம்ஏஎச்சுக்கும் குறைவு. 5000 எம்ஏஎச் பேட்டரியில் முதலாவதே கால் சதவீதம்தான். திரையும் கிராபிக்ஸும் தின்பது இதைவிடப் பல மடங்கு. ஆகவே டிக்குகளைக் கண்டு பயப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது நீளத்துக்கும் ஓயாத தன்மைக்கும்தான். மணிக்கணக்கில் ஓடும் பின்னணி அதிர்வு மட்டும் மணிக்கு 80 எம்ஏஎச் கேட்கும். விரலுக்கு அதனால் எந்தச் சேதியும் இல்லை.

சோதனை வருவது முதல் அடியில். வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு ஒன்று எல்லாம் ஒன்றோடொன்று மோதிச் சிதறும். ஒவ்வொரு மோதலுக்கும் அதிர்ந்தால் கையில் வெறும் இரைச்சல்தான். மெல்லிய உரசல்களை விட்டுவிட்டு, ஓர் அதிர்வுக்கும் அடுத்ததற்கும் 80 மில்லி வினாடி இடைவெளி வைக்கலாம்:

```kotlin
if (impulse < MIN || now - last < 80) return
last = now
vibrator.vibrate(VibrationEffect.createPredefined(
    VibrationEffect.EFFECT_TICK))
```

காய் குழியில் விழுவது மட்டும் இந்த வரிசையில் காத்திருக்கக் கூடாது. ஆட்டக்காரர் எதிர்பார்ப்பது அதைத்தான். விரல் அப்போது திரையில் இருக்காது, போனைப் பிடித்திருக்கும் கைதான் உணரும் என்பதால் அதற்குச் சற்று அழுத்தமான `EFFECT_HEAVY_CLICK` பொருந்தும்.

மில்லி வினாடியை நாமே குறிக்காமல் இப்படி ஆயத்த அதிர்வுகளைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. விலை குறைந்த பல போன்களில் இருப்பது, ஒரு பக்கம் எடை கூடிய சுழல் மோட்டார். அது வேகம் பிடிக்கவே 50 மில்லி வினாடி போல ஆகலாம். 10 மில்லி வினாடிக் கட்டளை அதில் உணரப்படாமலே போகும். விலை கூடியவற்றில் வில்லில் பொருத்திய எடை நேர்கோட்டில் ஆடுகிறது. தோல் நுட்பமாக உணரும் 200 ஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வெண்ணில் அது சட்டென்று அதிர்ந்து சட்டென்று நிற்கும். ஆண்ட்ராய்டு 10 முதல் கிடைக்கும் இந்த ஆயத்த அதிர்வுகளைப் போன் தயாரிப்பாளர் தன் மோட்டாருக்கு ஏற்பச் சீராக்கியிருக்க வாய்ப்புண்டு.

ஆட்டத்தைச் சில நிமிடம் ஆடிவிட்டு, கணினியில் இணைத்து `adb shell dumpsys vibrator_manager` என்று கேட்டால், ஆண்ட்ராய்டு 12-க்கு மேற்பட்ட போன்களில் அண்மை அதிர்வுகளின் பட்டியல் வரும். ஓர் அடிக்கு எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான வரிகள் தெரிந்தால், எங்கோ கட்டளை திரும்பத் திரும்பப் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

சுழல் மோட்டார் போனில் ஐந்து படிகளும் ஒன்றாகக் குழைந்தால் படிகளை மூன்றாகக் குறைக்கலாம். அப்போதும் குழைந்தால் எடுத்துவிட்டு, வட்டத்தையும் குழியையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். பேட்டரி சேமிப்பு முறையில் சில போன்கள் அதிர்வையே அணைத்துவிடும், சிலர் தாங்களே அணைத்திருப்பார்கள். அவர்களுக்காக, ஸ்ட்ரைக்கர் பொருந்தியதும் விரலுக்கு மேலே தெரியும்படி ஒரு பச்சை வளையமும் வேண்டும்.