முதல் சம்பளமும் மூன்று பங்குகளும்

சிங்கப்பூரரான ஒரு பட்டதாரிப் பெண் மாதம் 3,500 வெள்ளி சம்பளத்தில் வேலைக்குச் சேர்கிறார் என வைத்துக்கொள்வோம். அத்தொகை முழுவதும் அவர் கைக்கு வருவதில்லை. 20 விழுக்காடு, அதாவது 700 வெள்ளி, மத்திய சேமநிதிக்குச் செல்கிறது. சிண்டாவுக்கு 7 வெள்ளி பிடிக்கப்படுகிறது. எஞ்சிய 2,793 வெள்ளிதான் அவருடைய வங்கிக் கணக்கில் சேர்கிறது. செலவுத் திட்டத்தை இத்தொகையிலிருந்தே தொடங்க வேண்டும்.

கைக்கு வரும் பணத்தில் பாதியைத் தேவைகளுக்கும், 30 விழுக்காட்டை விருப்பங்களுக்கும், 20 விழுக்காட்டைச் சேமிப்புக்கும் ஒதுக்குவது பலர் பின்பற்றும் முறை. அதன்படி இவருக்கு ஏறத்தாழ 1,400, 840, 560 வெள்ளி எனப் பங்குகள் அமைகின்றன.

இவர் பெற்றோருடன் வசிப்பதால் வாடகை இல்லை. வீட்டுச் செலவுக்குப் பெற்றோரிடம் 500 வெள்ளி கொடுக்கிறார். கல்விக் கடனுக்கு 300, மதிய உணவுக்கு 200, பேருந்து, ரயில் கட்டணத்துக்கு 130, காப்புறுதிக்கு 120, கைப்பேசிக் கட்டணத்துக்கு 30 வெள்ளி ஆகின்றன. இவற்றோடு பலரும் மறந்துவிடும் செலவு ஒன்று உண்டு. சிங்கப்பூரில் வருமான வரி பொதுவாக மாதச் சம்பளத்தில் பிடிக்கப்படுவதில்லை. மறு ஆண்டில்தான் அதைச் செலுத்த வேண்டும். இவருக்கு அது ஏறக்குறைய 300 வெள்ளி வரலாம். எனவே, மாதம் 25 வெள்ளியை அதற்கென எடுத்து வைக்கிறார். தேவைகள் மொத்தம் 1,305 வெள்ளி. மீதமாகும் 95 வெள்ளி சேமிப்போடு சேர்கிறது.

தேவை எது, விருப்பம் எது என்று பிரிப்பதுதான் கடினம். கைப்பேசிச் சேவை தேவை. நன்றாக இயங்கும் கைப்பேசி இருக்கும்போதே புதியதை வாங்குவது விருப்பம். மதிய உணவு தேவை; அதன்பின் தினமும் குடிக்கும் 6 வெள்ளிக் காப்பி விருப்பம். வேலை நாள்கள் 22 என்றால், காப்பிக்கு மட்டும் 132 வெள்ளி! காப்பியை விட்டுவிட வேண்டும் என்பதில்லை; அதை 840 வெள்ளிப் பங்கிலிருந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். இப்படிப்பட்டவை தேவைக் கணக்கில் நுழைந்தால், மாத இறுதியில் சேமிக்க எதுவும் மிஞ்சாது. கடன்பற்று அட்டைக்கு முழுத் தொகையையும் கட்ட முடியாமல் போவது அதற்கான முதல் அறிகுறி.

ஆகவே, சம்பளம் வந்த மறுநாளே 655 வெள்ளி வேறொரு கணக்குக்குத் தானாகவே மாறும்படி இவர் வங்கியில் ஏற்பாடு செய்திருக்கிறார். மத்திய சேமநிதியில் பணம் சேர்கிறதே, இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். அந்நிதி வீடு, மருத்துவம், ஓய்வுக்காலம் ஆகியவற்றுக்கானது. திடீரென வேலை போனால் அதை எடுத்துச் செலவழிக்க இயலாது. அத்தகைய நேரத்தில் மூன்று மாதத் தேவைகளைச் சமாளிக்க இவருக்கு ஏறத்தாழ 3,900 வெள்ளி வேண்டும். மாதம் 655 வெள்ளி சேர்ந்தால், ஆறாவது மாதத்தில் அது கையிருப்பில் இருக்கும்.