பசுவின் நான்கு அறை வயிறும் பாலின் கொழுப்பும்

பால் சங்கங்களில் ஊற்றப்படும் பாலுக்குக் கொழுப்பையும் கொழுப்பல்லாத திடப்பொருளையும் பார்த்தே விலை கணக்கிடப்படுகின்றது. "மாட்டுக்கு முன்னைவிட நல்ல தீனி போடுகிறேன், பாலும் குறையவில்லை, ஆயினும் கொழுப்பு மட்டும் இறங்கிவிட்டது" என்று அங்கத்தினர் முறையிடுவதும், பரிசோதனை செய்பவர்மீது ஐயங்கொள்வதும் உண்டு. பல சமயங்களில் காரணம் பரிசோதனைக் குழாயில் இல்லை. பசுவின் வயிற்றிலேயே இருக்கின்றது. அஃது எவ்வாறென்பதை இங்கு விளக்குவோம்.

பசுவுக்கு நான்கு வயிறுகள் என்று சொல்வது வழக்கம். உண்மையில் வயிறு ஒன்றே. அதில் அறைகள் நான்கு. முதலறையாகிய பெருவயிறு இடப்பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும். பெரிய பசுவுக்கு நூறு லிட்டருக்கு மேலும் கொள்ளும். அதையொட்டி முன்புறமாக இருப்பது வலை வயிறு. உட்புறம் தேன்கூடுபோல் இருக்கும். வேலிக்கம்பித் துண்டும் ஆணியும் தீனியோடு உள்ளே போனால் தங்குமிடம் இதுவே. மூன்றாவதாகிய ஏட்டு வயிற்றில் புத்தகத்தின் ஏடுகள்போல் மடிப்புகள் உள்ளன. அவை தீனியிலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்ளும். நான்காவது அறையே நம்முடைய இரைப்பையைப் போல் ஜீரண நீர் சுரப்பது.

புல்லின் பெரும்பகுதி நார். அதைக் கரைக்கும் ஜீரண நீர் நமக்குச் சுரப்பதில்லை, பசுவுக்கும் சுரப்பதில்லை. பின் புல் எப்படிப் பாலாகிறது? பெருவயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்களே அவ்வேலையைச் செய்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இவ்வுயிர்கள், பெருவயிற்று நீரின் ஒரு சொட்டில் பல கோடிக்கணக்கில் உள்ளன. அங்கே காற்றில்லை, இருள், உஷ்ணம் எப்பொழுதும் சுமார் 39 டிகிரி. மாவு புளிக்கும் பானையைப்போல் அவ்வறை இடைவிடாது புளித்துக்கொண்டே இருக்கும். நுண்ணுயிர்கள் நாரை உடைத்துத் தம் உணவாகக் கொண்டு, மிச்சமாகச் சில மெல்லிய அமிலங்களை வெளியிடுகின்றன. அவ்வமிலங்கள் பெருவயிற்றின் சுவர் வழியாக இரத்தத்தில் சேர்ந்து பசுவுக்குப் பலம் தருகின்றன. அவற்றுள் முக்கியமானது காடியில் உள்ள அமிலமே. நாரிலிருந்து மிகுதியாக உண்டாகும் இதனைக் கொண்டு மடி பாற்கொழுப்பில் ஒரு பெரும்பங்கை ஆக்குகின்றது. நார் குறைந்தால் கொழுப்புக் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நுண்ணுயிர்களின் உதவி இதோடு முடியவில்லை. அவை பெருகிப் பெருகி, தீனியோடு நான்காம் அறைக்குச் செல்லும்போது அங்கே மடிந்து ஜீரணமாகின்றன. பசுவுக்குக் கிடைக்கும் புரதத்தில் பாதிக்கு மேற்பட்டது பெரும்பாலும் இவற்றின் உடலிலிருந்தே வருகிறது. ஆகவே நாம் தீனி போடுவது பசுவுக்கன்று, முதலில் இந்நுண்ணுயிர்களுக்கே என்று கொள்வது பிழையாகாது.

இனி அசை போடுதலைப் பற்றிக் கூறுவோம். பசு மேயும்போது புல்லை நாவினாற் சுருட்டி இழுத்து, நன்கு மெல்லாமலே விழுங்குகிறது. படுத்து இளைப்பாறும்போது, உள்ளே ஊறிய புல்லை ஒரு கவளமாக மேலே கொணர்ந்து, ஐம்பது தடவையளவு மென்று, மீண்டும் விழுங்குகிறது. நாளொன்றில் ஏழெட்டு மணி நேரம் இவ்வேலையிற் கழியும். மெல்லுவதால் நார் பொடிந்து நுண்ணுயிர்களுக்கு இடங்கொடுக்கும். அதைவிடப் பெரிய பயன் உமிழ்நீர். புல்லும் வைக்கோலும் நன்றாகத் தின்னும் பெரிய பசுவுக்கு ஒரு நாளில் சுமார் நூறு லிட்டர் உமிழ்நீர் சுரக்கின்றது. அதில் சமையல் சோடாவிலுள்ள உப்பு இருப்பதால், பெருவயிற்றின் புளிப்பு மிஞ்சாமல் காக்கப்படுகிறது.

இவ்வேற்பாடு கெடுவது எப்பொழுது? நமது மலைப்பக்கத்தில் அதற்கு அடிக்கடி நேரும் சந்தர்ப்பம் ஒன்றுண்டு. சந்தையில் விலை இறங்கும்போது உருளைக்கிழங்கு, காரட், பீட்ரூட் முதலியவை தோட்டத்திலேயே கழிக்கப்படுகின்றன. புல்லே தின்றுவந்த பசுவொன்றுக்கு ஒரே நாளில் இருபது கிலோ உருளைக்கிழங்கைக் கொட்டினதாக வைத்துக்கொள்வோம். அதில் மூன்று கிலோவுக்குக் குறையாமல் மாவுச்சத்து இருக்கும். நாரைத் தின்னும் நுண்ணுயிர்கள் மெதுவாகப் பெருகுபவை. மாவையும் சர்க்கரையையும் தின்பவையோ மிக விரைவில் பெருகுபவை. இவை ஒரே இரவிற் பெருகி, தயிரிலுள்ள கடும்புளிப்பை உண்டாக்குகின்றன. கிழங்கை மெல்ல நெடுநேரம் வேண்டாமையால் உமிழ்நீரும் குறைவு. புளிப்பு ஏற ஏற நார் தின்னும் நுண்ணுயிர்கள் மாளும். புளிப்பை உண்டாக்குபவை மட்டும் மிஞ்சும்.

மறுநாட் காலையில் பசு தீனியை முகராது; அசை போடுவது நின்றுவிடும். இடப்பக்க விலாவின் பின்னுள்ள பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்தால், இரண்டு நிமிஷத்திற்கு மூன்று தடவையாவது வரவேண்டிய அலை வராது. சாணம் நீர்த்துப் புளித்த நாற்றத்தோடு கழியும். கண் குழிவிழுந்து, நடை தள்ளாடி, பசு படுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. மாட்டுப் பொங்கலன்று அளவின்றிச் சோறும் பொங்கலும் ஊட்டப்பட்ட மாடுகளுக்கு நேர்வதும் இதே வியாதிதான். தாமதமின்றிக் கால்நடை மருத்துவரை அழைத்தல் வேண்டும். அவர் புளிப்பை மாற்ற மருந்து கொடுப்பதோடு, சில சமயம் நோயற்ற மாட்டின் பெருவயிற்று நீரை எடுத்து இதற்குப் புகட்டுவதும் உண்டு. மாண்டுபோன குடிகளுக்குப் பதிலாகப் புதுக்குடிகளை ஏற்றுவதே அதன் கருத்து.

இவ்வளவு கடுமையாக இல்லாமல், புளிப்பு நாள்தோறும் சிறிதளவே மிஞ்சி நிற்பதும் உண்டு. தவிடும் கலப்புத் தீவனமும் கிழங்கும் மிகுந்து புல் குறைந்த வீடுகளில் இது காணப்படும். பசு நோயாளிபோல் தோன்றாது. பாலின் அளவும் குறையாது. கொழுப்பு மட்டும் இறங்கும். முதலிற் கூறிய முறையீட்டின் காரணம் பெரும்பாலும் இதுவே. இதை அறியக் கருவி வேண்டுவதில்லை. தீனி தின்று படுத்திருக்கும் மாடுகளில் பாதிக்கு மேல் அசை போட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கவளத்திற்கு எத்தனை மெல்லு என்று எண்ணிப் பார்க்கலாம். நாற்பதுக்கும் மிகக் குறைவாயின் நார் போதவில்லை என்று கொள்க.

ஆதலின் கழிவுக் கிழங்கை வீணாக்க வேண்டுமென்பதில்லை. கொடுக்கும் முறையே முக்கியம். முதல் நாள் ஒரு கிலோவிற் தொடங்கி, நாளுக்கு அரைக் கிலோவாக ஏற்றி, இரண்டு வார முடிவில் ஏழெட்டுக் கிலோவில் நிறுத்துதல் நலம். அதற்குள் வயிற்றிலுள்ள குடிகள் புதுத்தீனிக்கேற்ப மாறிக்கொள்ளும். முதலில் புல்லையும் உலர்ந்த புல்லையும் தின்னவிட்டு, பிறகே கிழங்கைக் காலையும் மாலையுமாகப் பிரித்து வைக்கவேண்டும். முழுக்கிழங்கு தொண்டையில் அடைத்துக்கொள்ளுமாதலால் நறுக்கியே இடுக. பச்சை நிறம் பாய்ந்ததும் முளைவிட்டதும் நஞ்சுள்ளவை, அவற்றை விலக்குக. கிழங்கு தீர்ந்து புல்லுக்குத் திரும்பும்போதும் இதேபோற் படிப்படியாகக் குறைத்து வருதல் வேண்டும். கொழுப்பு இறங்கிய அங்கத்தினர் புல்லைக் கூட்டிக் கிழங்கையும் தவிட்டையும் குறைத்து, இரண்டு மூன்று வாரம் பொறுத்திருந்து தமது பால் அட்டையிலுள்ள எண்களை ஒப்பிட்டுப் பார்ப்பாராக.