யாருக்கு நன்றி, எதற்கு நன்றி?

முனைவர் பட்ட ஆய்வேட்டில் நெறியாளர் பேனா வைக்காத பக்கம் ஒன்று உண்டு. அது நன்றியுரை. இயல்களை வரிவரியாகத் திருத்தியவர்கூட, தன் பெயரே இருக்கும் பக்கத்தில் கைவைக்கக் கூச்சப்படுவார். எழுதுகிறவரோ பைண்டிங்குக்குக் கொடுப்பதற்கு முந்தைய இரவுதான் அதைத் தொடுவார். துறையில் முன்பு பட்டம் பெற்ற ஒருவரின் ஆய்வேட்டைத் திறந்து, பெயர்களை மாற்றி, தனக்கு வேண்டியவர்களைச் சேர்த்தால் நன்றியுரை தயார். அந்த மூத்தவரும் அப்படித்தான் எழுதியிருப்பார்.

இந்திய ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் ஓர் ஆய்வேடு பல கோப்புகளாகப் பிரித்து ஏற்றப்படுகிறது. நன்றியுரை பெரும்பாலும் தனிக் கோப்பாக இருக்கும். எனவே ஆய்வேட்டின் மற்ற பக்கங்களைத் தொடாதவர்கள்கூட இதைப் படித்துவிட முடியும்.

நன்றியுரைகளையே ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். ஆய்வுலக மொழிநடையைப் பற்றி விரிவாக எழுதிவரும் மொழியியலாளர் கென் ஹைலண்ட், ஹாங்காங்கின் ஐந்து பல்கலைக்கழகங்களிலிருந்து 240 முதுகலை, முனைவர் பட்ட ஆய்வேடுகளின் நன்றியுரைகளை எடுத்துப் பார்த்தார். 2003, 2004 ஆம் ஆண்டுகளில் வெளியான அவருடைய கட்டுரைகள் இந்தப் பகுதிக்கு மூன்று கட்டங்கள் இருப்பதாகச் சொல்கின்றன. முதலில் ஆய்வுப் பயணத்தைப் பற்றி ஓரிரு வரி, நடுவில் நன்றி, கடைசியில் பிழைகளுக்குப் பொறுப்பேற்பதும் காணிக்கையும். இவற்றில் தவிர்க்க முடியாதது நடுக்கட்டம் மட்டுமே. அந்த நடுக்கட்டத்திலும் அறிவுத்துறை உதவி, பணமும் தரவும் போன்ற வளங்கள், மனத்துணை என்று மூன்று வகை நன்றிகள் வருகின்றன. குழம்பிக் கிடக்கும் ஒரு நன்றியுரையைத் திருத்தி எழுத இந்த மூன்று வகைகளே நல்ல தொடக்கம்.

ஓர் எடுத்துக்காட்டு ஆய்வாளரை எண்ணிக்கொள்வோம். பவானி ஜமக்காள நெசவாளர்களின் கடன் சுமை அவருடைய ஆய்வுப் பொருள். நன்றியுரையின் முதல் வரைவு மூன்று பக்கம். “எல்லாம் வல்ல இறைவனின் திருவருளால் இவ்வாய்வு இனிதே நிறைவுற்றது” என்று தொடங்கி, துணைவேந்தர், பதிவாளர், கல்லூரிச் செயலர், முதல்வர், துறைத்தலைவர் என்று படி இறங்கி வருகிறது. நெறியாளர் தலைகாட்டுவதே இரண்டாம் பக்கத்தில்தான். அங்கே அவர் “அறிவுக் கடல்”, “அன்பின் இமயம்”. ஐந்தாறு ஆண்டுகளில் அவர் என்ன செய்தார் என்று மட்டும் ஒரு வரியும் இல்லை. மூன்றாம் பக்கத்தில் பெற்றோர், உறவினர், நண்பர்கள், தட்டச்சு செய்து கொடுத்த டி.டி.பி. சென்டர். பேட்டி கொடுத்த நெசவாளர்களுக்கு ஒரே ஒரு வரி.

இதை வாக்கியம் வாக்கியமாகச் செப்பனிட்டுப் பயனில்லை. அவர் ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு பத்தி போட வேண்டும். இடப்பக்கம் யார், வலப்பக்கம் என்ன செய்தார். வலப்பக்கத்தில் “ஊக்கமளித்தார்”, “உறுதுணையாக இருந்தார்” என்ற சொற்களுக்கு இடமில்லை. பார்க்கக்கூடிய ஒரு செயல் வேண்டும். நெறியாளருக்கு நேராக இப்படி எழுத முடிகிறது: கேள்விப் பட்டியலைப் பார்த்துவிட்டு, தார் சுற்றும் பெண்களிடமும் பேசச் சொன்னார். எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் ஊழியருக்கு நேராக: அட்டவணையில் இல்லாத ஒரு கோப்புக் கட்டைத் தேடி எடுத்துத் தந்தார். அக்காவுக்கு நேராக: களப்பணிக்குப் போன நாள்களில் குழந்தையைப் பார்த்துக்கொண்டார். துணைவேந்தருக்கு நேரே பேனா நின்றுவிடுகிறது. இருவரும் சந்தித்ததே இல்லை.

வலப்பக்கம் காலியாக இருப்பதால் ஒருவரை நீக்கியே ஆக வேண்டும் என்பதில்லை. அலுவல் மரியாதை என்று ஒன்று இருக்கிறது. துணைவேந்தர், பதிவாளர், செயலர், முதல்வர் நால்வரையும் “ஆய்வுக்கு அனுமதியும் வசதியும் அளித்த பல்கலைக்கழக, கல்லூரி நிர்வாகத்தினருக்கு நன்றி” என்ற ஒரே வரியில் அடக்கிவிடலாம். நான்கு பத்திகள் ஒரு வரியாகச் சுருங்கும்போது பாதிப் பக்கம் மிச்சமாகிறது. துறையின் வழக்கப்படி நிர்வாகம் முதலில் வந்தாக வேண்டும் என்றால் அந்த ஒரு வரியை மேலே வைத்துவிட்டு நேராக நெறியாளரிடம் போய்விடலாம்.

வரிசையைப் பொறுத்தவரை, பதவியின் உயரத்தைப் பார்க்காமல் ஆய்வேட்டுக்கு யார் எவ்வளவு அருகில் இருந்தார் என்று பார்த்தால் சிக்கல் தீர்ந்துவிடும். நெறியாளர், ஆய்வுக் குழு, பிற அறிஞர்கள் முதலில். அடுத்து உதவித்தொகை, நூலகங்கள், காப்பகங்கள், களத்தில் பேசியவர்கள். பிறகு நண்பர்கள், கடைசியில் வீடு. குடும்பத்தைக் கடைசியில் வைப்பது குறைவாக மதிப்பதாகாது. படிப்பவர் மனத்தில் தங்குவது பெரும்பாலும் முடிவுதான். இறைவணக்கம் எழுதும் வழக்கமுள்ளவர்கள் அதை முதல் வரியாகவோ இறுதி வரியாகவோ வைக்கலாம்.

அடுத்த சிக்கல் தமிழ் வாக்கியத்தின் இயல்பிலிருந்தே வருகிறது. தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் வந்து நிற்கும். எனவே இருபது பேருக்குத் தனித்தனியாக நன்றி சொன்னால் இருபது வாக்கியங்களும் “நன்றியை உரித்தாக்குகிறேன்” என்றே முடியும். அந்தச் சலிப்பை மறைக்கத்தான் “மனமார்ந்த”, “இதயம் கனிந்த”, “நெஞ்சார்ந்த” என்று அடைமொழிகள் சுழற்சி முறையில் வருகின்றன. அவர் செய்த செயலையே வாக்கியத்தின் முற்றாக்கி, ஒரு குழுவுக்கு ஒருமுறை மட்டும் நன்றி சொன்னால் இந்தத் தொல்லை இல்லை. பவானி ஆய்வாளரின் திருத்திய பத்தி இப்படி அமையும்:

“என் நெறியாளர், கேள்விப் பட்டியலின் முதல் வரைவைப் படித்துவிட்டு, தறியில் இருப்பவர்களிடம் மட்டும் பேசினால் கடனின் பாதிக் கதைதான் கிடைக்கும், தார் சுற்றும் பெண்களிடமும் பேசுங்கள் என்றார். நான்காம் இயல் அதிலிருந்து பிறந்தது. சான்றில்லாமல் நான் எழுதிய இடங்களிலெல்லாம் கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தந்தார். ஆய்வுக் குழுவினர் இருவரும் மாதிரித் தேர்வில் இருந்த குறையை இரண்டாம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டினர். மூவருக்கும் என் நன்றி.”

இதில் ஓர் அடைமொழியும் இல்லை. ஆனாலும் நெறியாளர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடுகிறது. “அறிவுக் கடல்” என்பதை எந்த நெறியாளருக்கும் ஒட்டலாம். தார் சுற்றும் பெண்களைப் பற்றிய வரி இவர் ஒருவருக்கே பொருந்தும்.

தமிழ்ப் பதிப்புலகில் இதற்குப் பழைய முன்மாதிரி உண்டு. உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளின் முன்னுரைகளில், எந்த ஊரில் யாரிடமிருந்து ஏட்டுச் சுவடி கிடைத்தது என்று பெயர் சொல்லிப் பட்டியலிட்டார். அது நன்றியாகவும் இருந்தது, பாடத்துக்கு ஆதாரமாகவும் இருந்தது. ஆய்வேட்டு நன்றியுரையின் வளங்கள் பகுதிக்கும் இதே வேலைதான். எந்தக் காப்பகம், எந்த நூலகம், எந்த உதவித்தொகை, எந்த ஆண்டுகளில் என்று எழுத வேண்டும். உதவித்தொகையின் பெயரையும் எண்ணையும் நினைவிலிருந்து எழுதாமல், ஆணைக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுவது நல்லது.

ஆனால் களத்தில் பேசியவர்களிடம் இந்த வழக்கம் தலைகீழாகிறது. மாஸ்டர் வீவரிடம் வாங்கிய முன்பணத்தைப் பற்றிப் பேசிய நெசவாளருக்கு, பெயர் வெளியே வராது என்று ஆய்வாளர் வாக்குக் கொடுத்திருப்பார். இயல்களில் பெயர்களை மாற்றிவிட்டு, நன்றியுரையில் அன்பு மிகுதியால் உண்மைப் பெயர்களை வரிசையாக எழுதிவிடுவது அடிக்கடி நேரும் தவறு. பெயரை விட்டுவிட்டு ஊரையும் சங்கத்தையும் அறிமுகம் செய்துவைத்தவரையும் சேர்த்துச் சொன்னாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். “பவானி வட்டாரத்தில் தறி வேலையை நிறுத்திவிட்டு என்னிடம் பேசிய குடும்பங்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன். அவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களைத் தரவில்லை” என்பது போதும்.

கவனிக்க வேண்டிய இன்னொரு வகை உதவியும் உண்டு. புள்ளிவிவர அட்டவணைகளைப் போட்டுத் தந்த நண்பர், மொழிநடையைத் திருத்தியவர், பேட்டிகளைக் கேட்டு எழுத்தாக்கியவர் ஆகியோர் இதில் அடங்குவர். ஆய்வேட்டின் உறுதிமொழிப் பக்கம் இது என் சொந்த உழைப்பு என்கிறது. அதற்கு முரணாகாமல், யார் எதுவரை உதவினார் என்று சொல்லும் இடம் நன்றியுரைதான். “பகுப்பாய்வில் பெரிதும் உதவினார்” என்று மொட்டையாக எழுதினால் வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேள்வி கேட்கக்கூடும். “கணினி நிரலில் அட்டவணைகளை அமைக்கக் கற்றுத் தந்தார்” என்றால் எல்லை தெளிவாகிவிடுகிறது.

வீட்டுக்கு வரும்போது பெயர்கள் காணாமல் போகின்றன. 2017-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் புரூஸ் ஹோல்சிங்கர், பழைய ஆய்வு நூல்களின் நன்றியுரைகளில் மனைவியர் எப்படிக் குறிக்கப்படுகிறார்கள் என்று ட்விட்டரில் படம் பிடித்துப் போட்டார். கையெழுத்துப் படி முழுவதையும் தட்டச்சு செய்து, திருத்தி, சில இடங்களில் ஆய்விலேயே பங்கெடுத்தவர் அங்கே “என் மனைவி” மட்டும்தான். பெயர் கிடையாது. ‘தட்டச்சு செய்ததற்கு நன்றி’ என்று பொருள்படும் ஹேஷ்டேக்கில் உலகெங்கும் இத்தகைய வரிகள் குவிந்தன. பவானி ஆய்வாளரின் முதல் வரைவிலும் அக்கா “என் அன்புச் சகோதரி”தான். திருத்திய வடிவில் அவருக்குப் பெயர் உண்டு, குழந்தையைப் பார்த்துக்கொண்ட செய்தியும் உண்டு.

நெறியாளரோடு மனத்தாங்கல் இருந்தால் என்ன செய்வது? கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகத்தில் 1999-இல் ஒரு முதுகலை மாணவர் எதிர்மறை வழியில் போனார். குழு ஆய்வேட்டை ஏற்ற பிறகு, உதவாதவர்களைத் திட்டி இரண்டு பக்க ‘நன்றியின்மை உரை’யைச் செருகினார். பட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர் பட்டம் கிடைத்தாலும் ஆய்வேடு நூலகத்தில் வைக்கப்படவில்லை. அவர் தொடுத்த வழக்கில் 2002-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. அதற்காகப் பொய்யாகப் புகழவும் வேண்டியதில்லை. நெறியாளர் செய்த ஒரே ஒரு செயல் உண்மையாக இருந்தால், அதை மட்டும் ஒரு வரியில் சொல்லி அடுத்தவரிடம் போய்விடலாம்.

பவானி ஆய்வாளரின் மூன்று பக்கம் இப்போது ஒன்றாகிவிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டு வடிவமைப்பு விதிகளும் நன்றியுரை ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது என்றே சொல்கின்றன. இனி எஞ்சுவது பெயர்களைச் சரிபார்ப்பது. தலைப்பெழுத்து, பட்டம், ஓய்வு பெற்றவரின் பழைய பதவி, இடையில் காலமானவர்கள் எல்லாம் இங்கேதான் பிழையாகும். துறை அலுவலகத்தில் அனைவரையும் அறிந்த ஒருவரிடம் அச்சுப்படியைக் கொடுத்து வாசிக்கச் சொல்வது எளிய வழி. வாய்மொழித் தேர்வுக்குப் பிறகு திருத்தப்பட்ட படியைக் கேட்கும் இடங்களில் நன்றியுரையையும் இன்னொருமுறை திறந்து, தேர்வாளர் சொல்லி மாற்றிய இயல் ஏதேனும் இருந்தால் அதற்கு ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.