வசூலாகாத 2,800 அட்டை முட்டை

நாமக்கல்லில் முட்டை வியாபாரம் பெரும்பாலும் வாய்ச்சொல்லில் நடக்கிறது. காலையில் விலை தெரியும், மாலைக்குள் வண்டி கிளம்பிவிடும். வாங்கும் கடைக்காரர் ஒரு வாரம், பத்து நாள் தவணையில் பணம் அனுப்புவார். முப்பது முட்டை கொண்ட அட்டை ஒன்றுக்கு, முட்டை ஐந்து ரூபாய் என்றால், 150 ரூபாய். அதில் மொத்த வியாபாரிக்கு நிற்கும் லாபம் மிகச் சிறியது. அதனால் ஒரு கடைக்காரர் பணம் தராமல் போய்விட்டால், அந்த ஓட்டையை அடைக்கப் பல வண்டி முட்டை விற்க வேண்டியிருக்கும்.

கணக்குக்காக ஒரு வியாபாரியை மனதில் வைத்துக்கொள்வோம். கூட்டாண்மை நிறுவனம், வருமான வரியில் முறையாகக் கணக்கு வைப்பவர்கள். கேரளத்தில் ஒரு கடைக்கு எட்டு லோடு, லோடுக்கு 350 அட்டை அனுப்பினார்கள். மொத்தம் 2,800 அட்டை, 4,20,000 ரூபாய். முதல் இரண்டு லோடு போன பிறகு கடைக்காரர், “அடுத்த வாரம் சேர்த்துப் போட்டுவிடறேன் அண்ணா” என்றார். எட்டாவது லோடுக்குப் பிறகு போன் எடுக்கவில்லை. ஆள் போய்ப் பார்த்தபோது கடை பூட்டியிருந்தது, வாடகைக்கு வேறு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். மார்ச் 31 நெருங்குகிறது. அந்த 4,20,000 பேரேட்டில் இன்னும் ‘வரவேண்டிய பாக்கி’யாகவே உட்கார்ந்திருக்கிறது.

இந்தப் பாக்கியை அப்படியே விட்டுவைப்பதால் வரும் சேதம் பலருக்குப் புரிவதில்லை. முட்டையை வண்டியில் ஏற்றி பில் போட்ட அன்றே அந்த 4,20,000 விற்பனையாகப் பதிவாகிவிட்டது. அதற்கு வருமான வரியும் கணக்காகிவிடும். கையில் வராத பணத்துக்கு வரி கட்டுகிறார்கள். இதிலிருந்து மீளச் சட்டம் தரும் வழிதான் வாராக்கடனைப் போக்கெழுதுவது. கணக்கில் செய்ய வேண்டியது ஒரே ஒரு பதிவு: வாராக்கடன் கணக்கில் 4,20,000 பற்று, அந்தக் கடைக்காரர் கணக்கில் 4,20,000 வரவு. முதல் பாதி லாப நட்டக் கணக்குக்குப் போய் லாபத்தைக் குறைக்கும். இரண்டாம் பாதி கடனாளிகள் பட்டியலில் இருந்து அந்தத் தொகையை எடுத்துவிடும்.

அந்த ஒரே பதிவு போதும் என்ற நிலைமை எளிதில் வந்துவிடவில்லை. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 36(1)(vii) பிரிவு, 1989 ஏப்ரல் 1-க்கு முன் வேறு மாதிரி இருந்தது. கடன் அந்த ஆண்டில்தான் கெட்டது என்று வரி செலுத்துபவர் நிறுவ வேண்டும். அதிகாரி, “இது போன வருஷமே கெட்டுப்போனது” என்றோ, “இன்னும் கெடவில்லை” என்றோ சொல்லிவிட்டால் கழிவு போய்விடும். எந்த ஆண்டில் கெட்டது என்ற வாதத்திலேயே வழக்குகள் வருடக்கணக்கில் இழுத்தன. அந்தத் தேதி முதல் அமலான திருத்தம், கடனை வராதது என்று கணக்கில் போக்கெழுதினாலே போதும் என்று மாற்றியது.

ஆனாலும் அதிகாரிகள் நிரூபணம் கேட்பதை நிறுத்தவில்லை. டி.ஆர்.எஃப். லிமிடெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல் தெளிவாகச் சொன்னது: திருத்தத்துக்குப் பிறகு, கடன் உண்மையிலேயே வராமல் போனது என்று நிறுவ வேண்டியதில்லை, கணக்கில் போக்கெழுதியிருந்தால் போதும். 2016 மே 30 அன்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 12/2016 எண்ணுள்ள சுற்றறிக்கையில் இதையே ஏற்று, இதற்கு எதிராக மேல்முறையீடு போட வேண்டாம் என்று தன் அதிகாரிகளுக்குச் சொன்னது. சாதாரண வியாபாரிக்கு இது பெரிய நிம்மதி. பூட்டிய கடைக்கு எதிராக வழக்குப் போட்டுத் தோற்றுக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை.

நிரூபணச் சுமை போனாலும் இரண்டு நிபந்தனைகள் நிற்கின்றன. அந்தப் பாக்கி முன்பு வருமானமாகக் கணக்கில் வந்திருக்க வேண்டும் என்பது ஒன்று. முட்டை விற்ற பணம் அப்படி வந்தது. ஆனால் தீவனத்துக்கு முன்பணம் கொடுத்து ஏமாந்ததோ, மைத்துனருக்குக் கைமாற்றாகக் கொடுத்ததோ எப்போதும் வருமானமாகவில்லை. அவை இந்தப் பிரிவில் வாராக்கடன் ஆகா. தீவன முன்பணத்தை வியாபார நட்டமாகக் கேட்டுப் பார்க்கலாம், அது வேறு வாதம். இதே காரணத்தால், ரொக்க முறையில் கணக்கு வைத்து, பணம் கைக்கு வந்தால் மட்டும் வருமானம் காட்டும் டாக்டருக்கோ வக்கீலுக்கோ வராத கட்டணத்துக்குக் கழிவு கிடையாது. அவர்கள் அதற்கு வரியே கட்டவில்லை. 44AD பிரிவில் விற்றுமுதலில் 8 அல்லது 6 சதவீதம் லாபம் என்று காட்டும் சிறு வியாபாரிகளும் தனியாக வாராக்கடனைக் கழிக்க முடியாது. அந்தச் சதவீதத்துக்குள் எல்லாச் செலவும் அடங்கிவிட்டதாகச் சட்டம் கருதுகிறது.

இன்னொரு நிபந்தனை, பதிவு அந்த நிதியாண்டின் புத்தகத்திலேயே இருக்க வேண்டும். கணக்கு மூடி, தணிக்கையும் முடிந்த பிறகு, வரிப் படிவத்தில் மட்டும் 4,20,000-ஐக் கழித்துக்கொண்டால் நிற்காது. ஆண்டுக்கணக்கை முடிக்கும் முன் ஆடிட்டரிடம் பட்டியல் கொடுப்பது அதற்காகத்தான்.

இப்போது தொகையைப் போட்டுப் பார்ப்போம். இந்த நிறுவனத்தின் லாபம், போக்கெழுதும் முன், 18,00,000 ரூபாய். கூட்டாண்மைக்கு வரி 30 சதவீதம், செஸ் சேர்த்து 31.2. பாக்கியைப் போக்கெழுதாவிட்டால் வரி 5,61,600. போக்கெழுதினால் லாபம் 13,80,000, வரி 4,30,560. மிச்சமாவது 1,31,040 ரூபாய். மீதி 2,88,960 ரூபாய் நிஜ நட்டம். அதை எந்தப் பதிவும் ஈடுகட்டாது.

சந்தேகத்துக்குரிய மற்ற பாக்கிகளின் கதை இங்கே பிரிகிறது. அதே நிறுவனத்துக்கு மற்ற கடைகளிடம் 44,00,000 ரூபாய் வரவேண்டியிருக்கிறது. அதில் 36 லட்சம் முப்பது நாளுக்குள் உள்ளது, 6 லட்சம் மூன்று மாதத்துக்குள், 2 லட்சம் அதற்கும் மேல். எது கெடும் என்று பெயர் சொல்ல முடியாது, ஆனால் கொஞ்சம் கெடும் என்று அனுபவம் சொல்கிறது. வயது ஏற ஏறச் சந்தேகமும் ஏறும். அதனால் முதல் பகுதிக்கு 1 சதவீதம், அடுத்ததற்கு 10, கடைசிக்கு 50 என்று வைத்தால் 36,000, 60,000, 1,00,000; மொத்தம் 1,96,000. இதைத்தான் வாரா ஐயக்கடன் ஒதுக்கு என்கிறோம். லாப நட்டக் கணக்கில் பற்று வைத்து, இருப்புநிலைக் குறிப்பில் கடனாளிகளிலிருந்து கழித்துக் காட்டுவார்கள். தனித்தனிக் கடைக்காரர் கணக்கில் கை வைப்பதில்லை. சதவீதங்களை ஒவ்வொரு வியாபாரியும் தன் பழைய அனுபவத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். மேலே உள்ளவை உதாரணம் மட்டுமே.

கணக்கியல் நோக்கில் இது நல்ல பழக்கம். பாங்கியிலோ புதிய கூட்டாளியிடமோ காட்டும்போது, 44 லட்சம் வரும் என்று சொல்லாமல் 42,04,000 வரும் என்று சொல்வது நேர்மையான எண். ஆனால் வருமான வரி இதை ஏற்காது. வணிக நிறுவனத்தின் ஒதுக்கு எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் கழிவில்லை என்பது 2001-இல் சேர்க்கப்பட்ட விளக்கத்தில் தெளிவாகிவிட்டது. வங்கிகளுக்கும் சில நிதி நிறுவனங்களுக்கும் மட்டும் ஒரு வரம்புக்குள் தனிச் சலுகை உண்டு. ஆக, புத்தக லாபம் 13,80,000-இலிருந்து 1,96,000 கழிந்து 11,84,000 ஆனாலும், வரிக் கணக்கில் அந்த 1,96,000 மீண்டும் சேர்க்கப்பட்டு 13,80,000-க்கே வரி.

இங்கே இரண்டு பிழைகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, ‘வாராக்கடன்’ என்று பெயர் வைத்துவிட்டு, கடனாளிகள் பக்கம் குறைக்காமல், பொறுப்புகள் பக்கத்தில் தனித் தொகையாக நிறுத்துவது. பெயர் எதுவானாலும் அது ஒதுக்குதான். விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்ன சோதனை எளிமையானது: லாப நட்டக் கணக்கில் பற்று வைத்ததோடு, இருப்புநிலைக் குறிப்பில் கடனாளிகள் தொகையும் அதே அளவு குறைந்திருக்கிறதா? குறைந்திருந்தால், ஒவ்வொரு கடனாளியின் கணக்கையும் தனித்தனியாக மூடவில்லை என்பதற்காகக் கழிவை மறுக்க முடியாது என்று அந்த வங்கிக்குத் தீர்ப்பளித்தது. சாதாரண வியாபாரிக்கு, பெயர் வாரியாகப் போக்கெழுதுவதே பாதுகாப்பு; சந்தேகத்துக்கே இடமிராது.

இன்னொரு பிழை அடுத்த ஆண்டு வரும். பழைய 2 லட்சத்தில் ஒரு கடையின் 1,20,000 உண்மையிலேயே கெட்டுப்போகிறது. கணக்காளர் அதை ஒதுக்குக் கணக்கில் பற்று வைத்து, கடைக்காரர் கணக்கை நேர் செய்கிறார். ஒதுக்கில் 76,000 மிஞ்சுகிறது. புத்தகம் சரி. ஆனால் அந்த ஆண்டின் லாப நட்டக் கணக்கில் 1,20,000 எங்கும் இல்லை. செலவு முந்தைய ஆண்டே போய்விட்டது, அப்போது வரியில் கழிவும் கிடைக்கவில்லை. இந்த ஆண்டு வரிக் கணக்கில் 1,20,000-ஐத் தனியாக எடுத்துக் கழிக்காவிட்டால், கழிவு கேட்கப்படாமலேயே போய்விடும். முன் ஆண்டுகளில் சேர்த்துக்கொண்ட ஒதுக்குத் தொகைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்திருக்கும் அலுவலகங்களில் இந்தத் தவறு நடப்பதில்லை.

ஜி.எஸ்.டி.யில் இதைவிடக் கடுமை. முட்டைக்கு வரி இல்லாததால் நம் வியாபாரி தப்பித்தார். வரியுள்ள சரக்கை விற்றவர், பில் போட்டதும் வாங்கியவரின் வரியைத் தன் கையிலிருந்து கட்டிவிட்டிருப்பார். 180 நாளுக்குள் பணம் தராத வாங்கியவர் தான் எடுத்த வரிச் சலுகையைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. விற்றவருக்கோ கட்டிய வரி திரும்புவதில்லை. வாராக்கடனுக்காகக் கிரெடிட் நோட் போடவும் வழியில்லை.

2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், பிரிவு எண்கள் மாறுகின்றன. பழைய பில்லையும் தீர்ப்பையும் தேடுபவர்கள் 36-ஆம் பிரிவின் கீழ்தான் தேட வேண்டும்.

போக்கெழுதுவதால் அந்தக் கடைக்காரர் மேல் உள்ள உரிமை போவதில்லை. அவரிடம் சொல்ல வேண்டியதும் இல்லை. தவணைத் தேதி குறிக்காமல் விற்ற சரக்குக்கு, கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். இடையில் அவர் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டாலோ, கொஞ்சம் பணம் கட்டினாலோ, அந்தக் காலம் புதிதாகத் தொடங்கும். பில், பேரேட்டுப் பக்கம், வாட்ஸ்அப் செய்தி, திரும்பி வந்த பதிவுத் தபால் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வைத்துக்கொள்வது அதற்காகத்தான். இரண்டு ஆண்டு கழித்து அவர் வேறு ஊரில் கடை திறந்து, “பழசுல ஒரு ஒன்றரை லட்சம் போடறேன்” என்று 1,50,000 அனுப்பினால், அது கடனாளி கணக்கில் சேராது, ஏனென்றால் அந்தக் கணக்கு மூடப்பட்டுவிட்டது. மீண்டுவந்த வாராக்கடன் என்று வரவு வைக்க வேண்டும். முழு 4,20,000-க்கும் கழிவு வாங்கியிருப்பதால், 41(4) பிரிவின்படி, அந்த ஆண்டின் வருமானத்தில் 1,50,000 முழுவதும் சேரும்.