ஒர்க்‌ஷாப்பில் விட்ட கார் வெள்ளத்தில் மூழ்கினால்

ஐப்பசி பிறந்துவிட்டால் இந்தப் புலம்பலும் கூடவே வந்துவிடுகிறது. கிளட்ச் மாற்றவோ ஏசி பார்க்கவோ காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டிருப்பார்கள். ஓர் இரவு கொட்டித் தீர்க்கும். மறுநாள் போய்ப் பார்த்தால் டாஷ்போர்டு வரை சேறு. கடைக்காரர் இரண்டு கையையும் விரிப்பார்: "மழைக்கு நாங்க என்ன சார் பண்றது? இன்ஷூரன்ஸ்ல பாத்துக்கோங்க." சுவரில் ஏற்கெனவே எழுதி மாட்டியிருக்கும் பலகையையும் காட்டுவார்: வாகனங்கள் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில். அதைப் படித்ததும் நம் ஆட்கள் அடங்கிப்போய், கிளட்ச் வேலைக்கான பில்லையும் கட்டிவிட்டு வருகிறார்கள். அடங்கிப்போகத் தேவையே இல்லை.

சாவியோடு வண்டியை ஒருவரிடம் ஒரு வேலைக்காகக் கொடுத்து, வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தால், 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 148-ஆவது பிரிவு அதை ஒப்படைப்பு, அதாவது பெய்ல்மெண்ட் என்கிறது. முத்திரைத்தாள், சாட்சி எதுவும் வேண்டாம். சாவி கைமாறினாலே போதும். பார்க்கிங்கிலும் இதுதான் அளவுகோல். டோக்கன் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொள்ளும் வேலட் ஆள் உங்கள் வண்டியை ஏற்றுக்கொண்டவர். சாவியை நீங்களே எடுத்துக்கொண்டு போகும் இடத்தில் உங்களுக்கு நிற்க இடம் மட்டும்தான் தந்தோம் என்று நடத்துபவர் வாதாட வழி உண்டு; டோக்கனைச் சரிபார்த்துத்தான் வண்டியை வெளியே விடுகிறார் என்றால் அந்த வாதம் பலமிழக்கும்.

ஏற்றுக்கொண்டவரின் கடமை 151-ஆவது பிரிவில் இருக்கிறது. சாதாரண விவேகம் உள்ள ஒருவர், அதே சூழ்நிலையில், அதே மதிப்புள்ள தன் சொந்தப் பொருளை எப்படிப் பாதுகாப்பாரோ அப்படிப் பாதுகாக்க வேண்டும். அவ்வளவு கவனம் எடுத்தும் சேதமானால் அவர் பொறுப்பல்ல என்கிறது 152. மழையைக் காரணம் காட்டும் கடைக்காரர் இந்த இரண்டாவது பிரிவில்தான் ஒதுங்கப் பார்க்கிறார். ஆனால் கவனம் எடுத்தேன் என்று முதலில் காட்டாமல் அதற்குள் நுழைய முடியாது.

இங்கேதான் வேளச்சேரிக்காரர்கள் உங்களுக்குக் கைகொடுக்கிறார்கள். 2024 அக்டோபரில் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை விடப்பட்டபோது, தண்ணீர் வருவதற்கு முன்பே தங்கள் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி வரிசையாக நிறுத்தினார்கள். பத்திரிகைகளிலெல்லாம் படம் வந்தது. சட்டம் சொல்லும் சாதாரண விவேகத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? வீட்டில் இருப்பவருக்குத் தோன்றியது, இருபது கார்களின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தாழ்வான ஷெட்டில் தொழில் நடத்துபவருக்குத் தோன்றவில்லை என்றால் அது இயற்கையின் குற்றமல்ல. எச்சரிக்கை எப்போது வந்தது, வண்டிகளை மேட்டுக்கு நகர்த்தினாரா, ஓடாத வண்டிகளையாவது ஜாக்கி வைத்துத் தூக்கினாரா, ஒரு போனாவது செய்தாரா என்பதுதான் கேள்வி. எச்சரிக்கையே இல்லாமல், தண்ணீர் ஒருபோதும் ஏறாத தெருவில் ஏறியிருந்தால் அவர் தப்பிக்கக்கூடும். அதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சுவரில் மாட்டிய அந்தப் பலகை போன்ற வாசகங்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தாஜ் மஹால் ஹோட்டல் வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 1998-இல் தில்லியில் ஒரு விருந்தினர் தன் மாருதி ஜென் காரை வேலட்டிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். வேறொருவர் சாவியை எடுத்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார். டோக்கனில் 'உரிமையாளர் பொறுப்பு' என்று அச்சடித்திருந்ததை ஹோட்டல் காட்டியது. தன்னுடைய அல்லது தன் ஊழியர்களுடைய கவனக்குறைவுக்கான பொறுப்பை அப்படி ஒரு வரி எழுதிக் கழற்றிவிட முடியாது என்றது நீதிமன்றம். வண்டி தொலைந்தால், தன் பக்கம் கவனக்குறைவு இல்லை என்று நிரூபிக்கும் சுமையும் ஹோட்டலுடையதே என்றது. தீர்ப்பு ஹோட்டல்களைப் பற்றியது. ஆனாலும் அதன் அடிப்படை நம் ஒப்படைப்புச் சட்டம்தான். ஒர்க்‌ஷாப்புக்கு எதிரான புகாரில் தாராளமாக எடுத்துக்காட்டலாம்.

இதைவிடவும் கூர்மையான ஆயுதம் 161-ஆவது பிரிவு. பெரும்பாலோர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. ஏற்றுக்கொண்டவரின் தவறால் உரிய நேரத்தில் பொருள் திரும்பி வரவில்லை என்றால், அந்த நேரத்திலிருந்து அதற்கு ஏற்படும் எந்தச் சேதத்துக்கும் அவரே பொறுப்பு. மழை, கவனம் என்ற வாதங்கள் இங்கே அவருக்கு அவ்வளவாக உதவாது.

ஓர் உதாரணமாக வைத்துக்கொள்வோம். புதன்கிழமை கிளட்ச் வேலைக்கு வண்டி விடுகிறீர்கள். ஜாப் கார்டில் டெலிவரி சனி மாலை 5 மணி என்று எழுதியிருக்கிறது. சனிக்கிழமை கேட்டால் ஆள் வரவில்லை, திங்கள் வாங்க என்கிறார். ஞாயிறு சிவப்பு எச்சரிக்கை. திங்கள் இரவு ஷெட்டுக்குள் தண்ணீர். சனி மாலை 5 மணிக்குப் பிறகு வண்டி அங்கே நின்றதே அவருடைய தாமதத்தால்தான். அந்தத் தேதி எழுத்தில் இருந்தால் வழக்கில் பாதி முடிந்தது. எழுத்தில் இல்லையென்றால், 'நாளைக்குத் தரேன்னு சொன்னாரு' என்று நீங்களும் 'சொல்லவே இல்லை' என்று அவரும் வருடக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கலாம். மாறாக, சனிக்கிழமையே வண்டி ரெடி என்று அவர் சொல்லி, நீங்கள்தான் போகவில்லை என்றால் இந்தப் பிரிவு உங்களுக்கு உதவாது.

ஆகவே ஜாப் கார்டு இல்லாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். கிலோமீட்டர் அளவு, ஏற்கெனவே உள்ள கீறல்கள், செய்யவேண்டிய வேலை, டெலிவரி தேதியும் நேரமும் அதில் இருக்க வேண்டும். தெருமுனை மெக்கானிக்கிடம் ஜாப் கார்டு இருக்காதுதான். அவருக்கு அதே விவரங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'சரி' என்று ஒரு பதில் வாங்கிவிடுங்கள். தாமதம் என்று போனில் சொன்னால், 'சனிக்கிழமை தரவேண்டிய வண்டியைத் திங்கள் தருவதாகச் சொன்னீர்கள்' என்று அன்றே ஒரு செய்தி அனுப்புங்கள். எச்சரிக்கை வந்த அன்று, 'வண்டியை மேட்டில் நிறுத்துங்கள், முடியாவிட்டால் நான் டோ செய்து எடுத்துக்கொள்கிறேன்' என்று இன்னொன்று. இந்த மூன்று செய்திகளையும் அனுப்ப நேரமில்லாதவர்கள்தான் பிறகு நான்கு வருடம் நியாயம் கேட்டு அலைகிறார்கள்.

தண்ணீர் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை, இன்ஜினை ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள். கடைக்காரர் ஆர்வக்கோளாறில் சாவியைத் திருகினால், உள்ளே போன தண்ணீரால் இன்ஜினே உடையும். அந்தச் சேதத்தை இன்ஷூரன்ஸ்காரர்கள் வெள்ளச் சேதம் என்று ஏற்க மறுப்பது வழக்கம். ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று எழுத்திலும் அனுப்புங்கள். தண்ணீர் நின்ற மட்டத்தின் தடம் உள்ளேயும் வெளியேயும் தெரியும்படி, ஷெட்டின் பெயர்ப்பலகையும் விழும்படி படமும் வீடியோவும் எடுங்கள். கழுவிவிட்ட பிறகு எடுக்கும் படம் எதற்கும் உதவாது.

அன்றே இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் கொடுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் அங்கே ஒன்றும் கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தால் சர்வேயர் வருவார். பழுதுச் செலவு 2,10,000 ரூபாய் என்று மதிப்பிட்டு, தேய்மானமும் கழிவும் போக 1,35,000 கிடைத்தது என்று வைத்துக்கொண்டால், மீதி 75,000 ரூபாயை ஒர்க்‌ஷாப்பிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தான் கொடுத்த தொகைக்கு, உங்கள் இடத்தில் நின்று இன்ஷூரன்ஸ் நிறுவனமே அவரைக் கேட்கலாம். தாஜ் வழக்கிலும் காருக்கு 2,80,000 ரூபாய் கொடுத்த காப்பீட்டு நிறுவனம் கார் உரிமையாளரோடு சேர்ந்துதான் வழக்குப் போட்டது. அதனால் கடைக்காரர் வாட்டர் வாஷ் இலவசம், லேபரில் பாதித் தள்ளுபடி என்று சொல்லி, 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால் உங்கள் உரிமையோடு இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் உரிமையும் போகும்; அவர்கள் உங்கள் க்ளெய்மையே நிறுத்தக்கூடும். திரும்பவும் சொல்கிறேன், கையெழுத்து வேண்டாம்.

கிளட்ச் பில் கட்டாமல் வண்டி தரமாட்டேன் என்பார். செய்த வேலைக்கான கூலிக்கு வண்டியைப் பிடித்துவைக்க ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவு அவருக்கு உரிமை தருகிறது. செய்யாத வேலைக்கோ, போன வருடப் பாக்கிக்கோ அல்ல. சண்டை போட்டு இழுத்துக்கொண்டு வராதீர்கள், அது உங்கள் மேலேயே புகாராகத் திரும்பும். 'ஆட்சேபத்துடன் செலுத்தப்பட்டது' என்று பில்லில் எழுதிப் பணத்தைக் கட்டி வண்டியை எடுங்கள். பில் தர மறுத்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அது நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை.

அடுத்து ஒரு நோட்டீஸ். வக்கீல் கட்டாயமில்லை. தேதி வரிசையில் நடந்ததை எழுதி, தொகையைச் சொல்லி, 15 நாள் அவகாசம் கொடுத்து, சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். காவல் நிலையத்துக்கு ஓடுவதில் பயனில்லை. வண்டி திருடுபோயிருந்தால்தான் அங்கே வேலை. அப்போதுகூட 'இது சிவில் சமாச்சாரம்' என்று விரட்டும் அதிகாரிகளுக்குப் பஞ்சமில்லை. வண்டி திருட்டு சிவில் சமாச்சாரம் அல்ல; எஃப்.ஐ.ஆர் போட மறுத்தால் புகாரை எஸ்.பி.க்கோ, சென்னை போன்ற மாநகரங்களில் கமிஷனர் அலுவலகத்துக்கோ தபாலில் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொன்னால் கடைக்காரரோடு பேசிப் பார்ப்பார்கள், உத்தரவு போட அவர்களால் முடியாது.

உத்தரவு போடுவது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். e-jagriti.gov.in தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். புகார் மனு, தேதிப் பட்டியல், நோட்டரி கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம், ஜாப் கார்டு, வாட்ஸ்அப் செய்திகள், வானிலை மையத்தின் எச்சரிக்கை, படங்கள், சர்வேயர் அறிக்கை, பில், நோட்டீஸும் தபால் சான்றும் வேண்டும். கட்டணம், நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, சேவைக்குக் கொடுத்த பணத்தை வைத்துக் கணக்கிடப்படும். அது 5 லட்சம் வரை என்றால் ஒரு பைசாவும் இல்லை. இதைத் தெரியாமலே பயந்து பின்வாங்குகிறவர்கள் எத்தனை பேர்! கெடு, சேதம் நடந்த நாளிலிருந்து 2 வருடம். கடைக்காரரின் 'பாக்கலாம் சார்'களுக்காகவும், 1915-இன் பதிலுக்காகவும் இந்தக் கெடு காத்திருக்காது.

புகார் ஏற்கப்பட்டு நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததும், எதிர்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள். ஆணையம் விரும்பினால் இன்னும் 15. அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. நோட்டீஸ் அவருக்குக் கிடைத்த தேதியை நீங்களே குறித்துவைத்து, 46-ஆம் நாள் வந்த பதிலை ஏற்கக்கூடாது என்று எழுதிக் கொடுங்கள். ஆணைய அலுவலகம் தானாகக் கவனிக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். உங்களுக்குச் சாதகமாக உத்தரவு வந்து கடைக்காரர் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போக விரும்பினால், 45 நாளுக்குள், உத்தரவான தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். மேல்முறையீடும் செய்யாமல் பணமும் தராமல் இழுத்தடித்தால், நுகர்வோர் சட்டத்தின் 72-ஆவது பிரிவின்கீழ் அதே ஆணையத்தில் இன்னொரு மனு போடுங்கள். உத்தரவை மதிக்காததற்கு ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டுமே உண்டு.