தேடுபவர் எதற்காகத் தேடுகிறார்?

கூகுளில் விளம்பரம் கொடுக்கும் சிறு வியாபாரிகள் பலருக்கும் ஒரே குறைதான். "கிளிக் நிறைய வருகிறது, ஆர்டர்தான் வரவில்லை" என்பார்கள். விலை அதிகமோ, படம் சரியில்லையோ என்று காரணம் தேடுவார்கள். பெரும்பாலும் கோளாறு அதற்கு முந்தைய இடத்தில் இருக்கிறது. வெவ்வேறு நோக்கத்தோடு தேடுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே விளம்பரத்தைக் காட்டி, எல்லோரையும் ஒரே பக்கத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள்.

கோவையில் வெட் கிரைண்டர் விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். புவிசார் குறியீடு பெற்ற பொருள், ஊர்ப் பெயருக்கே ஒரு மதிப்பு உண்டு. அந்தக் கடைக்காரர் ஆன்லைனிலும் விற்க நினைக்கிறார். ஒரே இரவில் மூன்று வீடுகளில் மூன்று பேர் கைபேசியை எடுக்கிறார்கள். ஒருவர் "இட்லி ஏன் கல்லு மாதிரி வருது" என்று தேடுகிறார். இன்னொருவர் "டேபிள்டாப் கிரைண்டர், டில்டிங் கிரைண்டர் எது நல்லது" என்கிறார். மூன்றாமவர் ஆங்கில எழுத்தில் 2 litre wet grinder price coimbatore என்று தட்டுகிறார். மூவருமே என்றாவது இந்தக் கடையில் வாங்கக்கூடியவர்கள்தான். ஆனால் இன்றிரவு வாங்கத் தயாராக இருப்பவர் மூன்றாமவர் மட்டும்.

தேடல்களை நோக்கத்தை வைத்துப் பிரித்துப் பார்க்கும் வழக்கத்துக்கு அடிப்படை போட்டவர் ஆண்ட்ரே பிரோடர் என்ற கணினி அறிஞர். 2002-இல் வெளியான அவரது கட்டுரை, இணையத் தேடல்களை மூன்றாகப் பிரித்தது: தகவலுக்காகத் தேடுவது, குறிப்பிட்ட ஒரு தளத்துக்குப் போகத் தேடுவது, ஏதோ ஒரு காரியத்தை முடிக்கத் தேடுவது. அவர் ஆராய்ந்த தேடல் பதிவுகளில் ஏறக்குறைய பாதி, தகவலுக்கானவை. வாங்கும் எண்ணம் வந்துவிட்டது, எதை வாங்குவது என்றுதான் முடிவாகவில்லை என்ற நிலையில் ஒப்பிட்டுத் தேடுபவர்களை விளம்பரத் துறையினர் பின்னால் தனிப் பிரிவாக ஆக்கிக்கொண்டார்கள். வியாபாரிக்கு அதிகம் பயன்படுவது அந்த நடுப்பிரிவுதான் என்பது என் கருத்து. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு தேடலின் நோக்கத்தைச் சொல்லே பாதி காட்டிக்கொடுத்துவிடும். "ஏன்", "எப்படி" என்று வந்தால் தகவல். "எது நல்லது", "எத்தனை லிட்டர் வாங்கலாம்" என்று வந்தால் ஒப்பீடு. மாடல் பெயர், ஊர்ப் பெயர், "டெலிவரி" என்று வந்தால் வாங்குதல். "விலை" என்ற சொல் மட்டும் ஏமாற்றும். வாங்கப்போகிறவரும் விலை கேட்பார், சும்மா தெரிந்துகொள்ள நினைப்பவரும் விலை கேட்பார். அப்போது செய்ய வேண்டியது எளிது. அதே சொல்லை நீங்களே கூகுளில் தேடிப் பாருங்கள். பொருளின் படமும் விலையும் வரிசையாக வந்தால், அங்கே வாங்குகிறவர்கள் அதிகம். "சிறந்த பத்து கிரைண்டர்கள்" போன்ற கட்டுரைகளும் யூடியூப் வீடியோக்களும் மேலே நின்றால், ஒப்பிடுகிறவர்கள் அதிகம். எதைக் காட்டினால் மக்கள் கிளிக் செய்கிறார்கள் என்பதையும் பார்த்துத்தான் கூகுள் அந்தப் பக்கத்தை அடுக்கியிருக்கிறது.

பணம் குறைவாக இருந்தால் மூன்றாமவரிடமிருந்தே தொடங்க வேண்டும். ஒரு கிரைண்டரின் விலை 5,500 ரூபாய், அதில் கடைக்காரருக்கு நிற்பது 800 ரூபாய், ஒரு கிளிக்குக்கு அவர் கட்டுவது 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூறு கிளிக்குக்கு ஒருவராவது வாங்கினால்தான் கைக்காசு போகாமல் தப்பிக்கலாம். வாங்க வந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் வாங்கினால் 800 ரூபாய் செலவில் 2,400 ரூபாய் வருகிறது. இட்லி ஏன் கல்லாகிறது என்று கேட்டு வந்த நூறு பேரில் அன்றே வாங்குகிறவர் ஒருவரும் இல்லாமல் போகலாம். அப்போது 800 ரூபாயும் போனதுதான். விளம்பரம் ஒன்று, கடை ஒன்று, தேடியவரின் நோக்கம் மட்டுமே வேறு.

இவருக்கான விளம்பரத்தின் தலைப்பில் லிட்டர் அளவும் விலையும் இருக்க வேண்டும்: "2 லிட்டர் கிரைண்டர் ₹5,500". தலைப்பு ஒன்றுக்கு 30 எழுத்துதான் கூகுள் தருகிறது. அதில் "தரமே எங்கள் தாரக மந்திரம்" என்று எழுதினால் இடம் போனதுதான் மிச்சம். விலையைப் போட்டால் கிளிக் குறையும் என்று பயப்படுகிறார்கள். குறையட்டும். அந்த விலைக்கு வாங்க மாட்டாதவர் கிளிக் செய்யாமல் போனால் உங்களுக்கு 8 ரூபாய் மிச்சம். கிளிக் செய்தவர் போய்ச் சேரும் பக்கம் கடையின் முகப்புப் பக்கமாக இருக்கக் கூடாது, அந்த 2 லிட்டர் கிரைண்டரின் பக்கமாகவே இருக்க வேண்டும். விளம்பரத்தில் சொன்ன அதே விலை, டெலிவரி எத்தனை நாள், அதற்குக் கட்டணம் உண்டா, வாரண்டி எவ்வளவு, பழுதானால் யாரிடம் போவது, பொருள் வந்தபின் பணம் கொடுக்கலாமா ஆகியவை விரலால் தள்ளாமலே முதல் திரையில் தெரிய வேண்டும். கடையின் வரலாறு கீழே இருந்தால் போதும்.

இப்போது நடுவில் இருப்பவர். இவர் கேட்பது தீர்ப்பு. அவரிடம் "இப்போதே வாங்குங்கள், 10 சதவீதத் தள்ளுபடி" என்றால் விலகிப் போய் அடுத்த வீடியோவைப் பார்ப்பார். விளம்பரம் அவர் கேள்வியையே தலைப்பாக்க வேண்டும்: "டில்டிங்கா, டேபிள்டாப்பா?" கீழ்வரியில் "நான்கு பேர் வீட்டுக்கு எது ஏற்றது, பார்த்து முடிவு செய்யுங்கள்" என்பது போதும். பக்கத்தில் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து, வீட்டில் புழங்குகிறவர் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். டில்டிங்கில் பாத்திரத்தைச் சாய்த்து மாவை வழிக்கலாம், கனமான டிரம்மைத் தூக்க வேண்டியதில்லை. ஆனால் மேடையில் அதிக இடம் பிடிக்கும், விலையும் கூடுதல். சாதாரண டேபிள்டாப்பில் டிரம்மைக் கழற்றிக் குழாயடியில் கழுவலாம், முதுகு வலி உள்ளவருக்கு அதுவே சிரமம். நான்கு பேர் வீட்டுக்கு 2 லிட்டர் போதும். வாரம் ஒருமுறை மொத்தமாக அரைத்து ஃப்ரிட்ஜில் வைக்கும் பெரிய குடும்பம் என்றால் அதற்கு மேல் யோசிக்கலாம்.

குறையைச் சொல்லாத ஒப்பீட்டுப் பக்கத்தை யாரும் நம்புவதில்லை. தன்னிடம் இருக்கும் விலை உயர்ந்த மாடலையே எல்லோருக்கும் சிறந்தது என்று காட்டுகிற பக்கத்திலிருந்து வாசகர் ஒரு நிமிடத்தில் வெளியேறிவிடுகிறார். "உங்கள் வீட்டில் இரண்டே பேர், மாவும் எப்போதாவதுதான் அரைப்பீர்கள் என்றால் மிக்சியே போதும்" என்று எழுதும் கடைக்காரர் ஒரு விற்பனையை இழக்கலாம், ஆனால் மீதிப் பேர் அந்தப் பக்கத்தின் அடியில் இருக்கும் வாட்ஸ்அப் பொத்தானை நம்பி அழுத்துவார்கள். இந்தப் பக்கத்தில் "வாங்கு" என்பதைவிட "கேளுங்கள்" என்ற பொத்தான் பொருந்தும். மகளுக்குச் சீர்வரிசையில் கொடுக்கக் கிரைண்டர் தேடும் பெற்றோரும் இந்த வகைதான். வாங்குவது உறுதி, எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம். அவர்களுக்கென்று தனிப் பக்கம் வைப்பது வீண் வேலை இல்லை.

முதலாமவருக்கு, அதாவது இட்லி கல்லாகிறது என்றவருக்கு, காசு கட்டி விளம்பரம் போட நான் சொல்ல மாட்டேன். அவருக்காக ஒரு நல்ல கட்டுரை எழுதி வைத்தால் தேடலில் இயல்பாகவே மேலே வரும் வாய்ப்பு உண்டு. அந்தக் கட்டுரை உளுந்தின் அளவு, ஊறும் நேரம், குளிர்காலத்தில் மாவு பொங்கத் தாமதமாவது, அரைக்கும்போது மாவு சூடாவது என்று உண்மையான காரணங்களைச் சொல்ல வேண்டும். மிக்சியில் வேகமாகச் சுழல்வதால் உளுந்து சூடாகிறது, கல்லில் மெதுவாக அரைபடும்போது சூடு குறைவு, மாவு நன்றாகப் பொங்குகிறது என்ற இடத்தில் கிரைண்டர் இயல்பாக உள்ளே வரும். அங்கிருந்து ஒப்பீட்டுப் பக்கத்துக்கு ஓர் இணைப்பு. அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரையை ஆர்டர் எண்ணிக்கையால் அளக்கவும் கூடாது. படித்தவர்களில் எத்தனை பேர் ஒப்பீட்டுப் பக்கத்துக்குப் போனார்கள் என்று பார்க்க வேண்டும். இன்று படித்தவர் அடுத்த மாதம் கடைப் பெயரைத் தட்டி வந்து வாங்கும்போது, கணக்கு அறிக்கை அந்தப் பெருமையைக் கடைசிக் கிளிக்குக்கே கொடுத்துவிடக்கூடும். அதை மட்டும் பார்த்துக் கட்டுரையை நீக்கிவிட்டால், கடைப் பெயரைத் தேடி வருகிறவர்களும் சில மாதங்களில் குறைவார்கள்.

இவ்வளவு பிரித்து வைத்த பிறகும் ஒரு வழியாகப் பணம் ஒழுகும். "கிரைண்டர்" என்ற சொல்லை விரிவான பொருத்தத்தில், அதாவது தொடர்புள்ள எந்தத் தேடலுக்கும் காட்டலாம் என்ற அமைப்பில் விட்டால், விளம்பரம் எங்கெங்கோ போய் நிற்கும். கூகுள் விளம்பரக் கணக்கில் "தேடல் சொற்கள்" என்றோர் அறிக்கை உண்டு. மக்கள் உண்மையில் என்ன தட்டியபோது உங்கள் காசு போனது என்று அது காட்டும். அதில் இரும்பு அறுக்கும் ஆங்கிள் கிரைண்டர், காபிக்கொட்டை கிரைண்டர், கிரைண்டர் பெல்ட், கிரைண்டர் ரிப்பேர், பழைய கிரைண்டர் எல்லாம் வரும். இவற்றை விலக்குச் சொற்களாகச் சேர்க்க வேண்டும்:

```
angle grinder
coffee grinder
grinder belt
grinder repair
grinder service
second hand
```

விலக்குச் சொல் தன் இணைச் சொற்களைத் தானாகப் பிடிக்காது. repair என்று போட்டால் service நின்றுவிடாது, அதனால்தான் இரண்டையும் எழுதியிருக்கிறேன். நம்மூரில் ஒரே பொருளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஆங்கில எழுத்துத் தமிழிலும் தட்டுகிறார்கள் என்பதால் மூன்று வடிவமும் வேண்டும். நீங்கள் பெல்ட்டும் உதிரிப்பாகமும் விற்கிறவர் என்றால் விலக்காமல், அதற்கெனத் தனி விளம்பரமும் தனிப் பக்கமும் வையுங்கள்.

எந்த இடத்தில் பொருத்தம் தவறியது என்பதை எண்களே சொல்லும். விளம்பரம் பலருக்குத் தெரிந்தும் கிளிக் வரவில்லை என்றால், விளம்பர வாசகம் அந்தத் தேடலுக்குப் பொருந்தவில்லை. கிளிக் வந்தும் சில நொடிகளில் வெளியேறினால், விளம்பரம் சொன்னதைப் பக்கம் தரவில்லை. நின்று படித்தும் வாங்கவில்லை என்றால், அவர் இன்னும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பவராக இருக்கலாம், அல்லது டெலிவரிக் கட்டணம் கடைசித் திரையில்தான் தெரிந்திருக்கலாம். விளம்பரமும் பக்கமும் தேடலுக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்பதைக் கூகுளும் மதிப்பிடுகிறது. பொருத்தம் குறைந்தால் அதே இடத்துக்கு அதிகப் பணம் கேட்கும்.

விளம்பரம் கொடுக்கும் கடைக்காரர்கள் இந்த வாரமே அந்தத் தேடல் சொற்கள் அறிக்கையைத் திறந்து, அதிகப் பணம் போன இருபது தேடல்களைத் தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அவர் எதற்காகத் தேடினார், அவரை எந்தப் பக்கத்துக்கு அனுப்பினீர்கள் என்று குறியுங்கள். பொருந்தாத இடத்தில் முதலில் பக்கத்தை மாற்றுங்கள். பக்கம் எழுத நேரம் இல்லையென்றால், அது வரும்வரை அந்தச் சொல்லுக்கான விளம்பரத்தை நிறுத்திவையுங்கள்.